திரையில் பெயரில்லாத ஒரு புள்ளி

நார்வேயின் மேற்குக் கரையில் பெர்கன் நகருக்கு வடமேற்கே யெல்ட்டெஃபியோர்டு என்ற கடற்கால் இருக்கிறது. அதன் கரையில் ஸ்தூரே என்ற எண்ணெய் முனையம். 2018 நவம்பர் 8ஆம் தேதி அதிகாலையில், கச்சா எண்ணெய் நிரப்பிய ‘சோலா டிஎஸ்’ என்ற கப்பல் அந்த முனையத்தை விட்டு மெதுவாக வடக்கு நோக்கிக் கிளம்பியது. அதற்கு வழிகாட்ட ஏறியிருந்த பைலட், ரேடார் திரையில் ஒரு புள்ளியைக் கண்டார். அது வடக்கிலிருந்து வேகமாக அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. சுற்றியிருந்த மற்ற கப்பல்களின் புள்ளிகள் பக்கத்தில் பெயர் இருந்தது, வேகம் இருந்தது. இந்தப் புள்ளிக்குப் பெயர் இல்லை.

அந்தக் கடற்பகுதியின் போக்குவரத்தைக் கண்காணிக்கும் ஃபெட்யே மையத்தை அவர் ரேடியோவில் அழைத்து, எதிரே வருவது எந்தக் கப்பல் என்று கேட்டார். தங்களிடம் தகவல் இல்லை என்று பதில் வந்தது. அடுத்த சில நிமிடங்களில் ஒரு போர்க்கப்பல் கிழிபட்டது. அதன் காரணங்கள் பல. ஆனால் கடலில் ஒரு கப்பல் தன் பெயரைச் சொல்வதும் சொல்லாமல் போவதும் என்ன வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதை அந்த இரவைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டியதில்லை. அதைப் புரிந்துகொள்ள, கப்பல்கள் எப்படிப் பெயர் சொல்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கப்பல் என்ன சொல்கிறது?

பெரிய கப்பல்கள் எல்லாவற்றிலும் ஏ.ஐ.எஸ். என்ற கருவி இருக்கிறது. தமிழில் தானியங்கி அடையாள முறை என்று சொல்லலாம். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் சோலாஸ் ஒப்பந்தப்படி, வெளிநாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும், உள்நாட்டுக்குள் ஓடும் 500 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களும், எல்லாப் பயணிகள் கப்பல்களும் இதை வைத்திருக்க வேண்டும். இங்கே டன் என்பது எடையைக் குறிப்பதில்லை; கப்பலின் உள்ளளவைக் கணக்கிடும் அலகு. வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பல்களுக்கு இந்த விதி 2002இல் தொடங்கிப் படிப்படியாக 2004 முடிவுக்குள் நடைமுறைக்கு வந்தது. போர்க்கப்பல்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

கருவியின் வேலை எளிது. ஜி.பி.எஸ். மூலம் கப்பலின் இடத்தையும் வேகத்தையும், ஜைரோ திசைகாட்டி மூலம் அதன் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் எடுத்துக்கொள்கிறது. அவற்றைச் சிறு செய்தியாகச் சுருக்கி, வி.எச்.எப். அலைவரிசையில் சுற்றிலும் உள்ள எல்லோருக்கும் அனுப்புகிறது. குறிப்பிட்ட ஒருவருக்கு என்று அனுப்புவதில்லை. ஏற்கும் கருவி வைத்திருக்கும் யாரும் கேட்கலாம். கப்பலுக்குக் கப்பல் என்றால் இது சுமார் 20 கடல் மைல் வரை எட்டும். உயரமான கோபுரத்தில் ஆன்டெனா வைத்திருக்கும் கரை நிலையத்துக்கு இன்னும் தூரத்திலிருந்தும் கேட்கும்.

அந்தச் செய்தி ஏற்கும் கருவியிலிருந்து கணினிக்கு வரும்போது இப்படித்தான் இருக்கும்:

```
!AIVDM,1,1,,B,177KQJ5000G?tO`K>RA1wUbN0TKH,0*5C
```

பார்ப்பதற்குக் குழப்பமாக இருந்தாலும் இதற்குள் ஒழுங்கு இருக்கிறது. நடுவில் `177K` என்று தொடங்கும் பகுதியில் 28 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தும் 6 பிட். மொத்தம் 168 பிட். ஒரு கப்பலின் முழு நிலவரமும் அதற்குள் அடங்கிவிடுகிறது. முதல் எழுத்தான 1, ‘இது இட அறிக்கை’ என்கிறது. அடுத்து வருவது கப்பலின் ஒன்பது இலக்க எண்: 477553000. இதை எம்.எம்.எஸ்.ஐ. எண் என்பார்கள். முதல் மூன்று இலக்கங்கள் கொடியைக் காட்டும். 477 என்றால் ஹாங்காங். இந்தியக் கப்பல் என்றால் 419, இலங்கைக் கப்பல் என்றால் 417. அதற்கடுத்து நிலை: கட்டிப்போடப்பட்டிருக்கிறது. வேகம்: பூஜ்யம். இடம்: வடக்கே 47.58 பாகை, மேற்கே 122.35 பாகை. அமெரிக்காவின் சியாட்டில் துறைமுகம். முகம் நோக்கும் திசை: 181 பாகை, அதாவது ஏறக்குறைய நேர் தெற்கு. கடைசியாக, இந்த அளவுகள் எடுக்கப்பட்டது நிமிடத்தின் 15ஆவது நொடியில்.

கவனித்தால் ஒன்று புரியும். இதில் கப்பலின் பெயர் இல்லை. பெயர், நீளம், அகலம், என்ன வகைக் கப்பல், எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது, எப்போது சேரும், எவ்வளவு ஆழம் நீரில் மூழ்கியிருக்கிறது என்பதெல்லாம் வேறொரு நீளமான செய்தியில் ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை வரும். அதனால்தான் புதிதாக எல்லைக்குள் வரும் கப்பல் சில நிமிடங்கள் வெறும் எண்ணாகவே திரையில் நகரும். பெயர் பிறகுதான் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இட அறிக்கைக்கு அவசரம் அதிகம், அதனால் அது அடிக்கடி போகிறது. எவ்வளவு அடிக்கடி என்பதைக் கப்பலின் வேகம் தீர்மானிக்கிறது. நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை சொன்னால் போதும். 14 நாட் வேகம் வரை 10 நொடிக்கு ஒரு முறை. அதற்கு மேல் 23 நாட் வரை 6 நொடிக்கு ஒரு முறை. அதையும் தாண்டினால் 2 நொடிக்கு ஒரு முறை. கப்பல் திரும்பிக்கொண்டிருந்தால் இடைவெளி இன்னும் குறையும்; ஏனென்றால் அப்போதுதான் பழைய தகவல் சீக்கிரம் பொய்யாகிறது.

முட்டிக்கொள்ளாமல் பேசுவது எப்படி?

உலகம் முழுவதும் ஏ.ஐ.எஸ்.ஸுக்கு இரண்டே அலைவரிசைகள்: 161.975 மெகாஹெர்ட்ஸ், 162.025 மெகாஹெர்ட்ஸ். நெரிசலான நீரிணை ஒன்றில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் சில நொடிகளுக்கு ஒரு முறை இதே இரண்டில் பேசினால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து எதுவுமே கேட்காமல் போக வேண்டுமே? ஆனால் அப்படி ஆவதில்லை. யார் எப்போது பேசலாம் என்று கட்டளையிட ஒரு தலைமை நிலையமும் தேவைப்படுவதில்லை.

ஒவ்வொரு நிமிடமும் ஓர் அலைவரிசையில் 2,250 சிறு இடங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு நொடியில் ஏறத்தாழ 37 இடங்கள். எல்லாக் கருவிகளும் ஜி.பி.எஸ். நேரத்தை வைத்துக்கொள்வதால் எந்த இடம் எப்போது தொடங்குகிறது என்பதில் எல்லோருக்கும் ஒரே கணக்கு. ஒரு கப்பல் செய்தி அனுப்பும்போது, அடுத்து தான் எந்த இடத்தில் பேசப்போகிறது என்பதையும் அதே செய்தியில் சொல்லிவிடுகிறது. நெரிசலான பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இருக்கையைப் பிடித்துவைப்பது போலத்தான். துண்டு கிடக்கும் இடத்தை மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். இங்கே எல்லாக் கப்பல்களும் மற்றவற்றின் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே தன் துண்டைப் போடுகின்றன. இடமே கிடைக்காத அளவுக்கு நெரிசல் வந்தால், மிகத் தொலைவில் இருக்கும் கப்பலின் இடத்தை எடுத்துக்கொள்வார்கள். அருகில் இருப்பவரின் குரல்தான் முக்கியம். தூரத்தில் இருப்பவர் ஒன்றிரண்டு முறை கேட்காமல் போனாலும் ஆபத்தில்லை. இந்த முறையை உருவாக்கியதில் ஸ்வீடனைச் சேர்ந்த ஹோக்கன் லான்ஸ் என்ற பொறியாளரின் பங்கு பெரிது.

கப்பலோட்டிக்கு இதில் என்ன கிடைக்கிறது?

கப்பலின் பிரிட்ஜில் நிற்கும் அதிகாரிக்கு ஏ.ஐ.எஸ். தரும் முதல் உதவி, கூப்பிடுவதற்கு ஒரு பெயர். இது வருவதற்கு முன், இருட்டில் எதிரே வரும் கப்பலை ரேடியோவில் அழைக்க வேண்டுமென்றால் “எனக்கு வலப்பக்கம், மூன்று மைல் தொலைவில், தெற்கே போகும் கப்பல்” என்றுதான் அழைக்க முடியும். நெரிசலில் அந்த வர்ணனை நாலு கப்பலுக்குப் பொருந்தும். தவறான கப்பல் பதில் சொல்லும், இருவரும் உடன்பட்டுவிட்டோம் என்று நினைப்பார்கள், உண்மையில் எதிரே வருபவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. பெயர் சொல்லி அழைத்தால் அந்தக் கப்பல்தான் திரும்பிப் பார்க்கும்.

இரண்டாவது உதவி கணக்கு. தன் வேகமும் திசையும் தெரியும், மற்றவரின் வேகமும் திசையும் செய்தியில் வருகிறது. இரண்டையும் வைத்து, இப்படியே போனால் எவ்வளவு நெருக்கமாகக் கடந்து போவோம், அந்த நெருக்கம் இன்னும் எத்தனை நிமிடத்தில் என்று கருவி சொல்லிவிடும். கடந்து போகும் தூரம் பூஜ்யத்தை ஒட்டியிருந்து நேரமும் குறைந்துகொண்டே வந்தால் மோதல் வரப்போகிறது என்று அர்த்தம். ரேடாரும் இதைக் கணக்கிடும். ஆனால் ரேடார் தானாகவே பல சுற்றுகள் பார்த்துத்தான் மற்றவரின் திசையை ஊகிக்க வேண்டும். ஏ.ஐ.எஸ்.ஸிலோ, மற்ற கப்பலின் ஜைரோவே பேசுகிறது. அதன் முகம் திரும்பத் தொடங்கிய உடனேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, ரேடாருக்கு எட்டாததை எட்டுவது. மழை கொட்டும்போது சிறு எதிரொலிகள் ரேடார் திரையில் மறைந்துபோகலாம். கடற்கால் வளைவின் அந்தப் பக்கம் இருப்பதை மலை மறைத்துவிடும். வி.எச்.எப். அலை இந்த இரண்டையும் ஓரளவு தாண்டி வரும்.

கரையிலிருந்து பார்ப்பவர்கள்

பெரிய துறைமுகங்களிலும் நெரிசலான நீரிணைகளிலும் கப்பல் போக்குவரத்து மையங்கள் இருக்கின்றன. வி.டி.எஸ். என்று அழைப்பார்கள். அங்கே அமர்ந்திருப்பவர் முன் கடல் வரைபடம் திரையாக விரிந்திருக்கும். கரையோர ரேடார் நிலையங்கள் காணும் எதிரொலிகளும் ஏ.ஐ.எஸ். செய்திகளும் அந்த ஒரே திரையில் வந்து சேரும். ஒரு ரேடார் எதிரொலியும் ஓர் ஏ.ஐ.எஸ். இடமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால், கணினி இரண்டையும் ஒன்றாக்கி, அந்தக் கப்பலுக்குப் பெயரை ஒட்டிவிடும். ரேடார் மட்டும் கண்டு ஏ.ஐ.எஸ். இல்லாத கப்பலுக்கு, அதை இயக்குபவர் தன் கையால் பெயர் சேர்க்க வேண்டும்.

நாள் முழுதும் அவர் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை ஆர்ப்பாட்டம் இல்லாதவை. உள்ளே வரும் கப்பல் எப்போது பைலட் ஏறும் இடத்துக்கு வரும் என்று பார்த்து பைலட் படகை அனுப்புவது. வெளியே போகும் கப்பலும் உள்ளே வரும் கப்பலும் குறுகிய வாய்க்காலில் சந்திக்காதபடி ஒன்றைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வது. நங்கூரமிட்ட கப்பலைச் சுற்றித் திரையில் ஒரு வட்டம் போட்டு வைப்பது. காற்றில் நங்கூரம் பிடி விட்டு கப்பல் வட்டத்தைத் தாண்டினால் எச்சரிக்கை ஒலிக்கும். ஆழம் குறைந்த இடத்தை நோக்கி யாராவது போனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எச்சரிப்பது. எல்லாமே பதிவாகும். விபத்து நடந்தால் அந்தப் பதிவை ஓட்டிப் பார்த்து நொடிக்கு நொடி என்ன நடந்தது என்று சொல்லலாம்.

கப்பலைத் திருப்புவது யார் என்பதில் மட்டும் குழப்பம் வேண்டாம். வி.டி.எஸ். தகவல் சொல்லும், எச்சரிக்கும், சில இடங்களில் ஒழுங்குபடுத்தும். கப்பலைக் கையாளும் பொறுப்பு கேப்டனுடையது.

ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம்

இப்போது நார்வேக்குத் திரும்பலாம். ஸ்தூரேவுக்கு வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது ‘ஹெல்கே இங்ஸ்டாட்’ என்ற நார்வே கடற்படையின் போர்க்கப்பல். சுமார் 134 மீட்டர் நீளம், கப்பலில் 137 பேர், வேகம் 17 நாட்டை ஒட்டி. அது ஒளிந்து வரவில்லை. ஃபெட்யே மையத்தின் எல்லைக்குள் நுழையும் முன்பே ரேடியோவில் தன் வரவையும் பாதையையும் சொல்லியிருந்தது. ஆனால் அதன் ஏ.ஐ.எஸ். கேட்கும் நிலையில் மட்டும் இருந்தது. மற்றவர்களின் செய்திகளை அது பெற்றது. தன் செய்தியை அனுப்பவில்லை. கடற்படைக்கு அது வழக்கமான நடைமுறை.

அந்த வேகத்தில் ஏ.ஐ.எஸ். அனுப்பியிருந்தால் 6 நொடிக்கு ஒரு முறை, மணிக்கு 600 முறை, தன் எண்ணையும் இடத்தையும் கடல் முழுதும் சொல்லிக்கொண்டே வந்திருக்கும். அதற்குப் பதிலாக, மையத்தில் இருந்த மனிதரின் நினைவில் அந்த ஒரு ரேடியோ அழைப்பு மட்டுமே இருந்தது. மையம் அதன் ஓட்டத்தைத் தொடர்ந்து கண்காணிக்கவில்லை என்று பின்னர் விசாரணை கண்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து பைலட் கேட்டபோது அந்த அழைப்பு உடனே நினைவுக்கு வரவில்லை.

போர்க்கப்பலின் பக்கம் நடந்தது வேறு. 3.40 மணியளவில் பிரிட்ஜில் காவல் மாற்றம் தொடங்கியது. தூரத்தில் முனையத்தின் அருகே வெளிச்சமாக ஏதோ தெரிந்தது. அது அசையாத ஒன்று, கரையைச் சேர்ந்தது என்றே பழைய குழுவும் புதிய குழுவும் எடுத்துக்கொண்டன. உண்மையில் அது சோலா டிஎஸ். ஊழியர்கள் மேல்தளத்தில் வேலை செய்துகொண்டிருந்ததால் வெளிச்ச விளக்குகள் எல்லாம் எரிந்தன. முனையத்தின் விளக்குகளுக்கு முன்னால், நேராக எதிரே மெதுவாக வரும் கப்பலின் பச்சை, சிவப்பு வழிவிளக்குகள் அந்த வெளிச்சத்தில் கரைந்துபோயின. சோலா டிஎஸ் தன் ஏ.ஐ.எஸ்.ஸை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. போர்க்கப்பலின் கருவி அதைப் பெறும் நிலையில்தான் இருந்தது. அசையாத பொருள் என்று மனம் ஒரு முறை முடிவுசெய்துவிட்டதால், அது உண்மைதானா என்று திரையில் சரிபார்க்கப்படவில்லை.

கடைசியில் ஃபெட்யே மையத்துக்கு நினைவு வந்தது. எதிரே வருவது ஹெல்கே இங்ஸ்டாடாக இருக்கலாம் என்று பைலட்டிடம் சொன்னார்கள். பைலட் உடனே அந்தப் பெயரைச் சொல்லி அழைத்து, வலப்பக்கம் திரும்பச் சொன்னார். வலப்பக்கம் இருக்கும் பொருளைத் தாண்டாமல் திரும்ப முடியாது என்று பதில் வந்தது. அவர்கள் சொன்ன பொருள், அவர்களை அழைத்துக்கொண்டிருந்த அதே எண்ணெய்க் கப்பல்தான். 400 மீட்டர் இருக்கும்போது பைலட் மறுபடியும் அழைத்து, ஏதாவது செய்யுங்கள் என்றார்.

அந்த 400 மீட்டரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்று 17 நாட், மற்றொன்று ஏழு நாட். இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வருவதால் இடைவெளி 24 நாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 12 மீட்டருக்கு மேல், குறைகிறது. கிடைத்த நேரம் அரை நிமிடம். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கப்பலைத் திருப்ப அது போதாது. நான்கு மணி கடந்து ஒரு நிமிடத்தில் சோலா டிஎஸ்ஸின் முன்பக்கம் போர்க்கப்பலின் வலப்புறத்தை 40 மீட்டருக்கு மேல் கிழித்தது. யாரும் சாகவில்லை, சிலருக்குக் காயம். கரையில் தட்டவைக்கப்பட்ட போர்க்கப்பல் சில நாட்களில் பெரும்பகுதி மூழ்கியது. 2019இல் தூக்கி எடுத்தார்கள். பழுதுபார்க்கக் கட்டுப்படியாகாது என்று கழித்துவிட்டார்கள்.

பெயர் தெரியாமல் போன அந்தச் சில நிமிடங்கள்தான் என்னை உறுத்துபவை. பைலட் புள்ளியைக் கண்ட அந்தக் கணத்திலேயே திரையில் பெயர் இருந்திருந்தால், மையத்தைக் கேட்காமல் நேராக அழைத்திருப்பார். அந்த வேகத்தில் ஒவ்வொரு நிமிடமும் 700 மீட்டருக்கு மேல் இடைவெளி. ஒன்றிரண்டு நிமிடம் முன்பே பேச்சு தொடங்கியிருந்தால், பொருள் அசைகிறது என்று போர்க்கப்பலுக்குப் புரியவைக்க அவகாசம் இருந்திருக்கும்.

இது நார்வேயோடு நிற்கும் கதையல்ல. அதற்கு முந்தைய ஆண்டு, 2017 ஆகஸ்ட் 21 அன்று, சிங்கப்பூர் நீரிணையை நெருங்கும்போது அமெரிக்கப் போர்க்கப்பல் ‘ஜான் எஸ். மெக்கெயின்’ ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். அங்கே மூலக் காரணம் வேறு, சுக்கானைக் கையாள்வதில் வந்த குழப்பம். ஆனால் அந்தப் போர்க்கப்பலும் ஏ.ஐ.எஸ். அனுப்பாமல்தான் வந்தது. அதற்குப் பிறகு நெரிசலான கடல்களில் ஏ.ஐ.எஸ். அனுப்பும்படி அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்குச் சொன்னது.

சொல்வதெல்லாம் உண்மையா?

ரேடார் தானே போய்த் தேடிப் பார்க்கிறது. ஏ.ஐ.எஸ். மற்றவர் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறது. இந்த வேறுபாட்டில்தான் அதன் பலவீனம் முழுவதும் இருக்கிறது. சொல்பவர் தவறாகச் சொன்னால் கேட்பவர் திரையிலும் தவறுதான்.

சாதாரணத் தவறுகள் மனிதக் கையால் வருபவை. சேரும் துறைமுகம், சேரும் நேரம், மூழ்கிய ஆழம் எல்லாம் கப்பல் அதிகாரி தட்டச்சு செய்பவை. போன பயணத்தின் தகவலை மாற்ற மறந்துவிடுவது அன்றாடம் நடக்கிறது. நிலையையும் கையால்தான் மாற்ற வேண்டும். நங்கூரம் தூக்கிக் கிளம்பிய பிறகும் ‘நங்கூரமிட்டிருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே 12 நாட்டில் ஓடும் கப்பல்கள் உண்டு. அனுபவம் உள்ள வி.டி.எஸ். அதிகாரி இந்த முரணைக் கண்டதும் பிடித்துவிடுவார். முகத் திசை என்ற இடத்தில் 511 என்று வந்தால் ஜைரோ இணைப்பு இல்லை என்று பொருள். அந்தக் கப்பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை நம்பக் கூடாது.

ஜி.பி.எஸ். ஏமாற்றப்பட்டால் விளைவு இன்னும் பெரிது. 2017 ஜூனில் கருங்கடலில் ரஷ்யாவின் நோவரோசிஸ்க் துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பலின் ஜி.பி.எஸ்., கப்பல் கெலென்ஜிக் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. கேப்டன் ஏ.ஐ.எஸ். திரையைப் பார்த்தபோது, இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அதே விமான நிலையத்தில் குவிந்திருந்தன. எந்தக் கப்பலும் பொய் சொல்ல நினைக்கவில்லை. எல்லோருக்கும் வந்த ஜி.பி.எஸ். சமிக்ஞையே போலி. 2021 ஜூனில் நடந்தது வேறு வகை. பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘டிஃபெண்டர்’ ஒடெசா துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்த இரவில், அது கிரைமியாவின் செவஸ்தபோல் அருகே போனதாக ஏ.ஐ.எஸ். தடங்கள் காட்டின. துறைமுகத்தின் நேரலைக் கேமராவில் கப்பல் அசையாமல் நின்றது.

இவற்றைக் கண்டுபிடிக்க வழி ஒன்றுதான்: வேறொரு சாட்சியோடு ஒப்பிடுவது. ரேடார் எதிரொலியும் ஏ.ஐ.எஸ். குறியும் ஒரே இடத்தில் விழுகின்றனவா? ஏ.ஐ.எஸ். குறி இருக்கும் இடத்தில் ரேடாரில் ஒன்றுமே இல்லையா? ரேடாரில் எதிரொலி இருந்தும் பெயர் இல்லையா? மூன்றில் எதுவாக இருந்தாலும் ஜன்னல் வழியே கண்ணால் பார்க்க வேண்டும், ரேடியோவில் கேட்க வேண்டும். மோதலைத் தவிர்ப்பதற்கான சர்வதேச விதிகளில் ஐந்தாவது விதி இதைத்தான் சொல்கிறது: கண்ணாலும் காதாலும், கைவசம் உள்ள எல்லா வழிகளாலும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் கரையில்

2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் கடல் வழியாகக் கடத்திய மீன்பிடிப் படகில் வந்தார்கள். அதன்பின் இந்தியக் கரையோரம் 74 கலங்கரை விளக்கங்களில் ஏ.ஐ.எஸ். ஏற்கும் நிலையங்கள் அமைக்கப்பட்டன. இன்று தமிழ்நாட்டுக் கரையைக் கடக்கும் சரக்குக் கப்பல்களின் தடங்கள் அப்படித்தான் பதிவாகின்றன. ஆனால் அந்தத் தாக்குதலில் பயன்பட்ட ‘குபேர்’ படகு போன்ற ஒன்று இந்த வலையில் தானாகச் சிக்காது. தன்னைச் சொல்லும் கருவி இருந்தால்தானே சிக்கும்?

கருவி இருப்பதும் போதாது என்பதை எண்ணூர் கண்ணால் பார்த்தது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, வெளியேறிய ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ என்ற எரிவாயுக் கப்பலும் உள்ளே வந்த ‘டான் காஞ்சிபுரம்’ என்ற எண்ணெய்க் கப்பலும் மோதின. இரண்டுமே ஏ.ஐ.எஸ். கட்டாயம் உள்ள வணிகக் கப்பல்கள். எண்ணெய் கரை ஒதுங்கி, மீனவர்களும் தன்னார்வலர்களும் நாள்கணக்கில் வாளியால் அள்ளினார்கள். பெயர் தெரிந்தவர்களும் மோதிக்கொள்ளலாம். தகவல் இருப்பது வேறு, அதைப் பார்த்து நேரத்தில் திரும்புவது வேறு.

நம் கரையில் இன்னும் பெரிய இடைவெளி விசைப்படகுகளில் இருக்கிறது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் பல படகுகளில் பொருத்தப்படுகிறது. அது செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு பேசுகிறது. புயல் எச்சரிக்கையும் எல்லை எச்சரிக்கையும் தருகிறது. அது மிகவும் தேவையானது. ஆனால் இரவில் 20 நாட்டில் வரும் கன்டெய்னர் கப்பலின் பிரிட்ஜில் அந்தப் படகு தெரிய வேண்டுமென்றால் ஏ.ஐ.எஸ். தேவை. சிறு படகுகளுக்கென்று ‘பி வகுப்பு’ என்ற எளிய கருவி இருக்கிறது. கப்பல்களின் கருவி 12.5 வாட் சக்தியில் பேசினால், இதன் எளிய வகை 2 வாட்டில் பேசுகிறது. சில மைல் தூரத்துக்குப் போதும். ஓடிக்கொண்டிருக்கும் படகு 30 நொடிக்கு ஒரு முறை தன்னைச் சொல்லும்.

அதன் எல்லையும் மீனவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேகம் 2 நாட்டுக்குக் கீழே போனால் இந்தக் கருவி மூன்று நிமிடத்துக்கு ஒரு முறைதான் பேசும். வலையை இறக்கிவிட்டு மிதந்துகொண்டிருக்கும் நேரம் அதுதான். படகு சட்டென்று விலக முடியாத நேரமும் அதுதான். அந்த மூன்று நிமிடத்தில் 20 நாட்டில் வரும் கப்பல் ஒரு கடல் மைல் நகர்ந்துவிடும். அதனால் கருவியை வாங்கிப் பொருத்தியவரும் பாய்மரத்தில் ரேடார் பிரதிபலிப்பானையும், இரவில் சரியான விளக்கையும் வைத்துக்கொள்ள வேண்டும். மீன் கிடைக்கும் இடம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்ற கவலை படகுக்காரர்களுக்கு இருப்பது நியாயம்தான். அந்தக் கவலையைப் பேசித் தீர்க்க வழி காண வேண்டுமே ஒழிய, கப்பல் தடத்தின் நடுவே இருட்டில் பெயரில்லாமல் மிதப்பதற்கு அது காரணமாகிவிடக் கூடாது.